காலை 7 மணிக்கு மேனேஜர் படிக்கும் பக்கம்: நைட் ஆடிட் ரிப்போர்ட்டை எப்படி எழுதுவது?

[திரையில்: ரிசப்ஷன் மேசை, சுவர்க் கடிகாரம் 6:50, மேசையில் திறந்திருக்கும் லாக் புக்]

நைட் டியூட்டியில் அன்றைய கணக்கை மூடிவிட்டு, இரவில் நடந்ததை மேனேஜருக்கு எழுதி வைக்கும் பக்கம்தான் நைட் ஆடிட் ரிப்போர்ட். அதில் இந்த மூன்று வரிகளைப் படியுங்கள்.

[திரையில் எழுத்து:
11:20 – 212 கெஸ்ட் பில் பற்றிக் கேட்டார். விளக்கம் அளிக்கப்பட்டது.
12:40 – 118 கெஸ்ட் நாளை காலை கார் கேட்டார். தெரிவிக்கப்பட்டது.
2:10 – 305ல் தண்ணீர் ஒழுகுவதாகப் புகார். நடவடிக்கை எடுக்கப்பட்டது.]

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் காலையில் வரும் மேனேஜருக்கு இதை வைத்து ஒரு வேலையும் செய்ய முடியாது. 212 பணம் கட்டினாரா? கார் சொல்லியாச்சா? 305-ஐ இன்றைக்கு விற்கலாமா? பதில் வேண்டுமென்றால், டியூட்டி முடிந்து தூங்கப்போன உங்களுக்குத்தான் போன் வரும்.

மதுரையில் 60 ரூம் உள்ள ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள், அன்றைக்கு எல்லா ரூமும் புக் ஆகியிருக்கிறது. மேனேஜர் 7 மணிக்கு வருகிறார், 7:15க்கு லாபியில் கூட்டம் சேர்ந்துவிடும். உங்கள் பக்கத்துக்கு அவரிடம் இருப்பது பத்து நிமிடம். பல ஹோட்டல்களில் இந்த ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நாம் உதாரணங்களைத் தமிழில் பார்ப்போம், எழுதும் முறை ஒன்றேதான்.

[திரையில்: அதே மூன்று வரிகள், நேரங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம்]

முதல் கோளாறு வரிசையில் இருக்கிறது. இந்த வரிகள் இரவில் நடந்த வரிசையில் இருக்கின்றன. லாக் புக்குக்கு அது சரி, அங்கே எது எப்போது நடந்தது என்பதுதான் கேள்வி. ரிப்போர்ட்டில் வேறு வரிசை வேண்டும்: காலையில் எது முதலில் கைமீறிப் போகுமோ, அது மேலே. 8:30க்குக் கிளம்பப்போகும் 212 கெஸ்டின் பாக்கி முதல் வரி. 9 மணிக்குப் பேச வேண்டிய விஷயம் அதற்குக் கீழே.

சம்பவம் எவ்வளவு பெரியது என்பது இந்த வரிசையைத் தீர்மானிக்காது. வெளிநாட்டுக் கெஸ்ட் ஒருவர் இரவு 11:40க்கு வந்திருக்கிறார், இணையதளம் திறக்காததால், அவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்மைப் பதிவேற்ற முடியவில்லை என்று வையுங்கள். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் பதிவேற்றியே ஆக வேண்டும், விளையாட்டில்லை. ஆனாலும் அதற்கு இன்று இரவு 11:40 வரை நேரம் இருக்கிறது. 212ன் 4,860 ரூபாய்க்கு இருப்பது ஒன்றரை மணி நேரம். ஆகவே 212 மேலே, சி ஃபார்ம் கீழே, பக்கத்தில் அதன் கெடு.

[திரையில்: 212ன் ஃபோலியோ]

இப்போது அந்த 212-ஐப் பிரிப்போம். இரண்டு இரவு வாடகை வரியோடு 6,720. ரூம் சர்வீஸ் 1,140. கூட்டினால் 7,860. அட்வான்ஸ் 3,000 போக, வர வேண்டியது 4,860. நம்மில் பலர் '212 – பாக்கி 4,860' என்று எழுதி முடித்துவிடுவோம். அந்தத் தொகை சிஸ்டத்தின் பேலன்ஸ் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. சிஸ்டத்தில் இல்லாதது, பணம் ஏன் நிற்கிறது என்பது. அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

[திரையில் எழுத்து:
212 – 8:30 செக்-அவுட். வர வேண்டியது 4,860. இதில் 420-ஐ ஏற்கவில்லை: புதன் இரவு ரூம் சர்வீஸ் சாப்பாடு வரவே இல்லை என்கிறார். அந்தப் பில்லில் கெஸ்ட் கையெழுத்து இல்லை, நான் பார்த்தேன். மீதி 4,440 கட்டச் சம்மதம். 420-ஐக் கழிப்பதா: மேனேஜர் முடிவு, 8:15க்குள்.]

'பில்லில் தகராறு' என்று எழுதியிருந்தால் மேனேஜர் 4,860க்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டு கெஸ்டிடம் போவார். உண்மையில் சண்டை 420க்குத்தான். கையெழுத்து இல்லாத பில்லை வைத்துக்கொண்டு அதையும் அழுத்திக் கேட்க முடியாது. இந்த வரியைப் படித்ததும் முடிவு பாதி எடுத்தாகிவிட்டது.

கெஸ்ட் நல்லவராகத் தெரிகிறார் என்று அந்த 420-ஐ நீங்களே எடுத்துவிடாதீர்கள். புதன்கிழமைக் கணக்கு முந்தைய இரவே மூடியாகிவிட்டது. மூடிய நாளின் பில்லை அழிக்க முடியாது, அடுத்த தேதியில் கழிவாகத்தான் போட முடியும். அதற்கு மேனேஜரின் ஒப்புதல் வேண்டும்.

பணம் நிற்பதற்கான காரணம் மாறினால், மேனேஜர் போய்ப் பேச வேண்டிய ஆளும் மாறுவார். 409ல் மூன்று இரவு, 10,080 ரூபாய். கெஸ்ட் 'கம்பெனி கட்டும்' என்கிறார், கம்பெனியிடமிருந்து மெயில் வரவில்லை. இங்கே கெஸ்டோடு பேசிப் பயனில்லை, சேல்ஸ் ஆள்தான் கம்பெனியைப் பிடிக்க வேண்டும்.

[திரையில் எழுத்து:
409 – 11:00 செக்-அவுட். 10,080. கம்பெனி கட்டும் என்கிறார், மெயில் இல்லை. சேல்ஸ் 10:00க்குள் மெயில் வாங்க வேண்டும். வராவிட்டால் கெஸ்டிடமே வசூல் என்று கெஸ்டுக்கு இரவே சொல்லிவிட்டேன், சரி என்றார்.]

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கெஸ்டிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்பது மேனேஜருக்குத் தெரியாவிட்டால், அவர் வேறொன்று சொல்வார். அங்கேதான் குரல் உயரும்.

[திரையில்: 305ன் குளியலறைக் கூரை, ஈரத் திட்டு]

அடுத்தது 305. நடந்தது இது: 2:10க்குக் குளியலறைக் கூரையிலிருந்து ஒழுகல், கெஸ்டை 2:35க்கு 318க்கு மாற்றினீர்கள், மேலே காலியாக இருந்த 405ல் மெயின்டனன்ஸ் ஆள் வால்வை மூடினார், ஒழுகல் நின்றது. கெஸ்ட் வாடகையில் குறைக்கச் சொன்னார்.

இதை இப்படியே கதையாக எழுதினால், மேனேஜருக்கு முதலில் வேண்டிய சேதி கடைசிவரை வராது. முகூர்த்த நாளில் அவருக்கு முதலில் தெரிய வேண்டியது இரண்டு ரூம் குறைகிறது என்பதுதான்.

[திரையில் எழுத்து:
305, 405 – இரண்டையும் விற்க வேண்டாம். 2:10க்கு 305 குளியலறைக் கூரையில் ஒழுகல், நான் பார்த்தேன். 405 வால்வை மூடியதும் நின்றது. பிளம்பர் 8:00க்கு வருவதாகப் போனில் சொன்னார்.
305→318 – கெஸ்டை 2:35க்கு மாற்றினேன், சிஸ்டத்திலும் மாற்றினேன். வாடகைக் குறைப்புக் கேட்கிறார். நான் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. 9:00க்கு மேனேஜர் பேசுவார் என்று சொல்லியிருக்கிறேன்.]

'405 குழாய் உடைந்து ஒழுகியது' என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? உடைந்ததை யாரும் பார்க்கவில்லை. வால்வை மூடியதும் நின்றது, பார்த்தது அவ்வளவுதான். காரணத்தைப் பிளம்பர் சொல்லட்டும். ரூம் மாறியவருக்குப் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதியதற்கும் காரணம் உண்டு. நேற்று சலவைக்குப் போன அவருடைய துணிப்பையில் 305 என்றுதான் சீட்டு இருக்கும்.

யாராவது விழுந்தால், அடிபட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 'தரை ஈரமாக இருந்ததால் விழுந்தார்' என்பது தீர்ப்பு. 'மாடிப்படியில் வழுக்கியதாகச் சொன்னார். 1:15க்கு நான் போனபோது இரண்டாவது படியில் தண்ணீர் இருந்தது' என்பது சாட்சி. கேமரா பதிவையும் எடுத்து வைக்கச் சொல்லி எழுதுங்கள். ரெக்கார்டரில் இடம் நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ரெக்கார்டர் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் இருப்பதும் சகஜம். ஆகவே திரையில் தெரியும் நேரத்தையும் குறித்துவிடுங்கள், தேடுகிறவர் பிழைத்துக்கொள்வார்.

குடித்திருந்தார், திமிராகப் பேசினார் என்பவையும் வேண்டாம். '207 கெஸ்ட் 12:50க்கு வராந்தாவில் சத்தம் போட்டார். 206லிருந்து இரண்டு முறை போன் வந்தது. நான் போய்ச் சொன்னதும் உள்ளே போய்விட்டார்.' இது போதும். அந்தக் கெஸ்டே கவுன்டரில் நின்று எட்டிப் படித்தாலும் மறுக்க முடியாதபடி இருக்கட்டும்.

[திரையில் எழுத்து: 12:40 – 118 கெஸ்ட் நாளை காலை கார் கேட்டார்]

இந்த வரியில் ஆபத்தான சொல் 'நாளை'. நள்ளிரவு தாண்டி மணி 12:40. கெஸ்டுக்கு நாளை காலை என்பது இன்னும் சில மணி நேரத்தில் விடியப்போகும் வெள்ளியா, அதற்கு அடுத்த சனியா? சிஸ்டத்தில் கணக்கை இன்னும் மூடவில்லை, அதில் தேதி 14 என்றே நிற்கிறது. மேனேஜர் வெள்ளி காலையில் படிக்கிறார், அவருக்கு நாளை என்றால் சனி. ஒரே சொல் ஆளுக்கொரு நாளைக் காட்டுகிறது. ஏர்போர்ட் கார் தவறிப்போவதும், எழுப்பச் சொன்னவரை ஒரு நாள் முன்னதாக எழுப்பித் திட்டு வாங்குவதும் இதனால்தான்.

கெஸ்டிடம் போனிலேயே கிழமையைச் சொல்லித் திரும்பக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் நேற்று, இன்று, நாளை மூன்றும் தனியாக வரக் கூடாது, தேதியும் கிழமையும் வர வேண்டும்.

[திரையில் எழுத்து:
118 – 16 சனி காலை 5:00, ஏர்போர்ட் கார், 2 பேர். இன்னும் சொல்லவில்லை, டிராவல் டெஸ்க் 9:00க்குத்தான் திறக்கும். டிராவல் டெஸ்க் புக் செய்துவிட்டு 15 வெள்ளி மாலை 6:00க்குள் கெஸ்டுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வோம் என்று கெஸ்டிடம் சொல்லியிருக்கிறேன்.]

'இன்னும் சொல்லவில்லை' என்று எழுதக் கை கூசும். அதனால்தான் 'தெரிவிக்கப்பட்டது' என்ற சொல் இவ்வளவு செல்வாக்காக இருக்கிறது. யார் யாரிடம் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார், மூன்றையும் ஒரே சொல்லில் மறைத்துவிடலாம். எழுதி முடித்ததும் 'பட்டது' என்று முடியும் வினைகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆளை வையுங்கள். வைக்க ஆள் இல்லையென்றால், அந்த வேலை நடக்கவே இல்லை.

[திரையில்: முழுப் பக்கம். மேலே 212, 305/405, 318, 409, 118. கீழே சி ஃபார்ம். அதற்கும் கீழே ஆக்குபன்சி எண்கள்]

ஆக்குபன்சி, அன்றைய வருமானம் எல்லாம் பக்கத்தின் அடியில் போகலாம். அவை சிஸ்டம் அச்சிடும் தாளில் ஏற்கெனவே இருக்கின்றன. கெஸ்ட் பெயர், போன் நம்பர், அடையாள அட்டைப் படம் எதையும் ஸ்டாஃப் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள், ரூம் எண்ணே போதும்.

ஒன்றுமே நடக்காத இரவிலும் தலைப்புகளை வெறுமையாக விடாதீர்கள். வெற்றிடத்தைப் பார்த்தால், சம்பவம் இல்லையா, எழுத மறந்தாரா என்று மேனேஜருக்குத் தெரியாது. 'சம்பவம்: இல்லை. 3:00க்கும் 5:00க்கும் எல்லா மாடியும் சுற்றினேன்' என்று எழுதுங்கள், சுற்றியிருந்தால். கடைசி வரியில் உங்கள் பெயரும், எத்தனை மணிவரை போனை எடுப்பீர்கள் என்பதும் இருக்கட்டும்: 'காலை 8:30 வரை கூப்பிடலாம்.'