ஒரு புது வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். பியூட்டி பார்லர், சலூன் நடத்துகிறவர்களுக்கான கணக்கு ஒன்றை இன்று போட்டுப் பார்ப்போம். கையில் பேனாவும் தாளும் இருந்தால் வசதி.

புதிதாக ஒருவரைக் கடைக்குள் வரவைக்க எவ்வளவு வரை செலவழிக்கலாம்? அவர் கடைக்கு வந்துபோகும் காலம் முழுவதும் நம்மிடம் எவ்வளவு விட்டுச் செல்வார் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்தத் தொகையை வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு என்கிறார்கள்.

பெரும்பாலானவர்கள் இதைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். மாதாமாதம் வருகிற பழைய வாடிக்கையாளர் ஒருவரை மனதில் வைத்து, அவருடைய பில்லை வருடக் கணக்கில் பெருக்குகிறார்கள். பெரிய தொகை வருகிறது. அதை நம்பி விளம்பரத்துக்குப் பணம் போடுகிறார்கள். ஆனால் விளம்பரம் பார்த்து வருகிறவர் எல்லாரும் அந்தப் பழைய வாடிக்கையாளரைப் போல ஆவதில்லை. பாதிப் பேர் ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வராமலே போகலாம். அவர்களையும் சேர்த்துத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய பில் நோட்டையோ பில்லிங் மென்பொருளையோ திறந்து, ஒரு குறிப்பிட்ட மாதத்தில் முதல்முறை வந்தவர்களை மட்டும் செல்போன் எண்ணை வைத்துப் பிரித்தெடுங்கள். அம்மா எண்ணிலேயே மகளுக்கும் பில் போட்டிருப்பார்கள், அதைக் கவனித்துப் பிரியுங்கள். தீபாவளி மாதத்தை மட்டும் எடுத்தால் பண்டிகைக்காக ஒருமுறை வந்தவர்கள் கூடுதலாக இருப்பார்கள். ஆடி மாதத்தை மட்டும் எடுத்தால் ஆட்களே குறைவாக இருப்பார்கள். ஆகவே வேறு வேறு காலத்து மூன்று மாதங்களைச் சேர்த்து எடுப்பது நல்லது. மணப்பெண் அலங்கார பில்களைத் தனியாக வைத்துவிடுங்கள். பதினையாயிரம் ரூபாய் பில் ஒன்று உள்ளே வந்தாலே சராசரி கெட்டுவிடும்.

இப்போது கணக்குக்காக ஒரு நடுத்தர பார்லரை எடுத்துக்கொள்வோம். முதல்முறை வந்தவர்கள் 40 பேர். இரண்டு வருடத்தில் என்ன ஆனது? 18 பேர் ஒரே தடவையோடு சரி. 10 பேர் மும்மூன்று தடவை வந்து நின்றுவிட்டார்கள், அவர்கள் வந்தது மொத்தம் 30 தடவை. மீதி 12 பேர்தான் நிலையான வாடிக்கை, ஆளுக்கு 14 தடவை, ஆக 168. எல்லாம் சேர்த்து 216 வருகை. நாற்பதால் வகுத்தால் ஒரு புது ஆளுக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக, 5.4 வருகை.

ஒரு வருகைக்கு வரி நீங்கலாகச் சராசரி பில் 650 ரூபாய் என்று வைப்போம். இந்த 650 முழுவதும் நம்முடையதல்ல. அந்த ஆள் வந்ததால் மட்டுமே ஏற்பட்ட செலவைக் கழிக்க வேண்டும். ஃபேஷியல் கிரீம், ஷாம்பு, வேக்ஸ் போன்ற பொருட்கள் 90 ரூபாய், அழகுக்கலைஞருக்கு இன்சென்டிவ் 65, துண்டு துவைப்பதும் தூக்கி எறியும் சாமான்களும் 25. ஆக 180 போக 470 ரூபாய் மிஞ்சும். பொருட்களின் விலையை ஜிஎஸ்டியோடு சேர்த்தே எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 5 சதவீதம் ஆகிவிட்டது, ஆனால் பொருள் வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. அது நம் செலவுதான்.

வாடகையையும் மாதச் சம்பளத்தையும் ஏன் கழிக்கவில்லை என்று கேட்கலாம். ஒரு ஆள் கூடுதலாக வந்ததால் அவை ஏறுவதில்லை. ஆனால் அவற்றைக் கட்டுவதற்கான பணம் இந்த 470-இலிருந்துதான் வர வேண்டும். அதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

470-ஐ 5.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,540 ரூபாய். புதிதாக வரும் ஒருவரின் இரண்டு வருட மதிப்பு இதுதான். நிலையாக வரும் அந்த 12 பேரை மட்டும் பார்த்துக் கணக்கிட்டிருந்தால் 6,580 என்று வந்திருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் விளம்பரத்தில் தொலைகிற பணம். இரண்டு வருடத்தோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. கல்யாணம் ஆகி ஊர் மாறுகிறார்கள், பழகிய கலைஞர் வேலையை விட்டால் அவரோடே போய்விடுகிறார்கள். அதற்கு மேல் நீட்டினால் அது ஊகம்.

இந்த 2,540-இல் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 850 ரூபாய், புது ஆளைப் பிடிக்கச் செலவழிக்கலாம் என்பது என் உச்சவரம்பு. மீதி இரண்டு பங்கு வாடகைக்கும் சம்பளத்துக்கும் லாபத்துக்கும் போக வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்த 850 ஆறு மாதத்துக்குள் திரும்பி வர வேண்டும். சிறிய கடையில் கைப்பணம் இரண்டு வருடம் காத்திருக்காது. நம் உதாரணத்தில் முதல் ஆறு மாதத்தில் அந்த 40 பேரும் சேர்ந்து 86 தடவை வந்திருந்தால், தலைக்கு ஆயிரம் ரூபாய் திரும்பியிருக்கும். அப்படியானால் 850 தாங்கும்.

அடுத்தது செலவுப் பக்கம். ஏமாற்றம் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 6,000 ரூபாய், படம் எடுக்க 2,000, வந்த புது ஆட்கள் 16 என்றால், தலைக்கு 500 என்று பலர் எழுதிக்கொள்வார்கள். விளம்பரத்தில் சொன்ன 300 ரூபாய் தள்ளுபடி எங்கே? அது 4,800. அதே தள்ளுபடியைக் காட்டி, எப்படியும் வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர் 9 பேர் வாங்கிக்கொண்டார்களே, அது 2,700. எல்லாம் சேர்த்தால் 15,500. பதினாறால் வகுத்தால் தலைக்கு 970 ரூபாய். வரம்பைத் தாண்டிவிட்டது. தள்ளுபடியை இங்கே செலவாக எழுதிவிட்டால், பில் சராசரியிலும் அதைக் குறைக்கக் கூடாது, இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

அதோடு விடாமல், அந்த 16 பேரையும் ஆறு மாதம் தொடர்ந்து பாருங்கள். 11 பேர் ஒருமுறையோடு போய்விட்டார்கள், 5 பேர் மும்மூன்று தடவை வந்தார்கள் என்றால் மொத்தம் 26 வருகை. 470-ஆல் பெருக்க 12,220 ரூபாய். போட்ட 15,500 ஆறு மாதத்தில் திரும்பவில்லை. தள்ளுபடிக்காக வருகிறவர் அடுத்த தள்ளுபடி இருக்கும் கடைக்குப் போவது இயல்பு. அதனால்தான் ‘எப்படி எங்களைத் தெரிந்தது’ என்று முதல் பில்லிலேயே கேட்டு எழுதி, வழி வாரியாகத் தனித்தனி மதிப்பு போட வேண்டும். எல்லா வழிக்கும் ஒரே 850 பொருந்தாது.

தோழியை அழைத்து வருகிறவருக்கு 200 ரூபாயும் வருகிறவருக்கு 150-உம் கொடுத்தால் செலவு 350-தான். அந்த 200-ஐத் தோழி இரண்டாம் தடவை வந்த பிறகு கொடுங்கள். ஒருமுறையோடு போகிறவருக்காகப் பணம் போகாது.

சனி, ஞாயிறில் நாற்காலிகள் ஏற்கனவே நிரம்பியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. புது ஆள் உட்கார்ந்ததால் பழைய ஆள் காத்திருந்து திரும்பிப் போனால், அவரிடமிருந்து வந்திருக்க வேண்டிய 470-உம் செலவில் சேரும். சலுகையை நாற்காலி காலியாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் வையுங்கள். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டிக்கொள்ளத் தயங்குகிறவர்கள் உள்ள ஊரில், அந்த நாட்களில் ஃபேஷியலுக்கும் பெடிக்யூருக்கும் சலுகை கொடுக்கலாம்.

உச்சவரம்பை உயர்த்த ஒரு வழி உண்டு. ஒரே தடவையோடு போன அந்த 18 பேரில் 4 பேரை நிலையான வாடிக்கையாக்கினால், வருகை 216 என்பது 268 ஆகும். தலைக்கு 6.7 வருகை, மதிப்பு 3,150, வரம்பு 1,050. முதல் வருகை முடிந்து ஐந்தாவது வாரத்தில், யார் கையால் செய்துகொண்டாரோ அந்தக் கலைஞரே ஒருமுறை போன் செய்து, முடி எப்படி இருக்கிறது என்று கேட்டு, அடுத்த தேதியைக் குறித்துவிட வேண்டும். அதை நோட்டில் ஒரு தனிப் பத்தியாக எழுதிவையுங்கள்: முதல் வருகைத் தேதி, போன் செய்த தேதி, இரண்டாம் வருகைத் தேதி. மூன்றாவது கட்டம் எத்தனை பேருக்குக் காலியாக இருக்கிறது என்பதை மாதக் கடைசியில் எண்ணிய பிறகே அடுத்த விளம்பரத்துக்குப் பணம் கட்டுங்கள். வணக்கம்.