சைலிட்டால் கம்: பலன் மெல்றதுலயா, சைலிட்டால்லயா?

கேள்வி: "டாக்டர், சைலிட்டால் கம் மென்னா எச்சில் நல்லா சுரந்து எனாமல் திரும்ப வளரும்னு சொல்றாங்க. எனக்கு முன்பல்லுல வெள்ளையா ஒரு திட்டு, கடவாய்ப் பல்லுல சின்ன ஓட்டை. தினமும் மென்னா ரெண்டும் சரியாகிடுமா?"

ஓட்டை அடையாதுங்க. அதுக்கு பல் டாக்டர்கிட்டதான் போகணும். வெள்ளைத் திட்டுக்குக் கொஞ்சம் உதவும், ஆனா அந்த வேலையில முக்கால்வாசி எச்சில் செய்றது. சர்க்கரைக்குப் பதிலா கம்ல போடுற இனிப்பான சைலிட்டாலுக்குன்னு தனியா இருக்கிற பங்கு விளம்பரத்துல சொல்ற அளவுக்கு இல்ல. எப்படின்னு சொல்றேன்.

எனாமல் "வளராது". அதை உருவாக்குற செல்கள் பல் முளைக்கும்போதே போயிடும். ரீமினரலைசேஷன்னு நாம சொல்றது வேற. சொத்தை ஆரம்பிக்கும்போது மேல்தோல் மாதிரி ஒரு மெல்லிசான அடுக்கு உடையாம நிக்கும், அதுக்கு அடியில கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு போயிருக்கும். அதனாலதான் வெளிச்சம் பட்டா வெள்ளையாத் தெரியுது. அந்த இடத்துக்கு எச்சில்ல இருக்கிற கால்சியம், பாஸ்பேட் திரும்பப் போய் படியலாம். ஃப்ளோரைடு இருந்தா வேகமாவும் உறுதியாவும் படியும். ஓட்டையில அந்த மேல் அடுக்கே இடிஞ்சு விழுந்தாச்சு. உள்ள கிருமிப்படலம் குடியிருக்கு, பிரஷ்கூட போகாது. அங்க எச்சில் எவ்வளவு சுரந்தாலும் பள்ளம் நிரம்பாது.

உங்க திட்டு எந்த நிலைமையில இருக்குன்னு ஓரளவுக்குப் பார்க்கலாம். பல்லைத் துணியால ஒத்தி நல்லாக் காயவிடுங்க. காய்ஞ்சா மட்டும் தெரிஞ்சா மேலோட்டமானது. ஈரமா இருக்கும்போதே தெரிஞ்சா கொஞ்சம் ஆழம். சுண்ணாம்பு மாதிரி மங்கலா, சொரசொரன்னு இருந்தா இப்ப கரைஞ்சிட்டிருக்கு. பளபளன்னு வழவழப்பா இருந்தா நின்னுபோனது. ஊசி, குண்டூசியால குத்திப் பார்க்காதீங்க, அந்த மெல்லிய அடுக்கை நீங்களே உடைச்சிடுவீங்க. அப்புறம், பல் உருவாகும்போதே வந்த வெள்ளைத் திட்டும் உண்டு. அதை கம் போக்காது. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல டாக்டர் பார்க்கணும்.

சரி, மெல்லும்போது என்ன நடக்குது? சும்மா இருக்கும்போது எச்சில் நிமிஷத்துக்கு 0.3 மில்லி அளவுக்கு வரும். கம்மை வாயில போட்டதும் அது பல மடங்கு ஏறும். சுவை கரைஞ்சதும் இறங்கும், ஆனா 20 நிமிஷம் கழிச்சும் சும்மா இருக்கிறதைவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும். அளவு மட்டுமில்ல, அந்த எச்சிலோட தரமும் மாறும். வேகமா சுரக்கும்போது அதுல பைகார்பனேட் கூடும், அதுதான் அமிலத்தை அடக்குறது.

ஒரு இனிப்பு பிஸ்கட் சாப்பிடுறீங்கன்னு வைங்க. சில நிமிஷத்துல பல்மேல இருக்கிற படலத்துல அமிலம் ஏறி, பிஎச் 5.5-க்குக் கீழ போயிடும்; பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்னு அர்த்தம். எனாமல் கரைய ஆரம்பிக்கிறது ஏறக்குறைய அந்த அளவுலதான். தானா பழைய நிலைக்கு வர அரை மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரமும் ஆகும். சாப்பிட்ட உடனே கம் மென்னா அந்த நேரம் நல்லாவே குறையும். இது உறுதியாத் தெரிஞ்ச விஷயம். ஆனா கவனிங்க, சர்க்கரை இல்லாத எந்த கம்முக்கும் இது பொருந்தும். சார்பிட்டால்ங்கிற இன்னொரு இனிப்பு போட்ட கம்முக்கும்தான்.

அப்ப சைலிட்டால் தனியா என்ன செய்யுது? சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அதை உள்ள இழுத்துக்கும், ஆனா அதை வச்சு அமிலம் தயாரிக்க முடியாது. இழுத்து வெளியேத்துறதுலயே சக்தி வீணாகும். ஆய்வுகள்ல பற்படலமும் அந்தக் கிருமியும் குறைஞ்சிருக்கு. இவ்வளவும் சரி. ஆனா கிருமி எண்ணிக்கை குறைஞ்சா சொத்தையும் அதே அளவு குறையும்னு சொல்லிட முடியாது.

பிரபலமான ஆரம்ப ஆய்வு 1970-கள்ல பின்லாந்துல துர்க்கு நகரத்துல நடந்தது. அந்த கம் சோதனையில சைலிட்டால் கம்மை ஒப்பிட்டது சர்க்கரை கம்மோட. சர்க்கரை கம்மோட ஒப்பிட்டா எதுவும் நல்லாத்தான் தெரியும். பின்னாடி வந்த பல ஆய்வுகள்ல ஒரு குழு கம் மெல்லும், இன்னொரு குழு எதுவுமே மெல்லாது. அங்க மென்னதால வந்த பலன் எது, சைலிட்டாலால வந்தது எதுன்னு பிரிக்க முடியாது.

பிரிச்சுப் பார்த்தது அமெரிக்காவுல பெரியவங்கமேல நடந்த ஒரு சோதனை, 2013-ல வெளிவந்தது. ரெண்டு குழுவும் தினம் 5 சப்பு மிட்டாய், 33 மாசம். ஒரு குழுவுக்கு தினம் 5 கிராம் சைலிட்டால், இன்னொண்ணுக்கு அது இல்லாத மிட்டாய். எச்சில் ரெண்டு பக்கமும் ஊறும். சைலிட்டால் பக்கம் சொத்தை 10 சதவீதம் குறைவு, ஆனா அது தற்செயலாவும் வந்திருக்கலாம்கிற அளவுதான். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்போட 2015 தொகுப்பாய்வும் கம் விஷயத்துல சான்று போதாதுன்னுதான் முடிச்சுது. அதுல கொஞ்சம் பலன் தெரிஞ்சது ஃப்ளோரைடோட சைலிட்டாலும் சேர்ந்த பற்பசைக்கு, அதுவும் குழந்தைங்ககிட்ட, அதுவும் வலு குறைஞ்ச சான்று.

இன்னொரு இடத்துலயும் ஏமாறுவோம், அளவுல. ஆய்வுகள்ல கொடுத்தது பெரும்பாலும் தினம் 5-லிருந்து 10 கிராம். உங்க கம் ஒண்ணு ஒன்றரை கிராம், அதுல மூணுல ஒரு பங்கு சைலிட்டால்னா ஒரு கம்முக்கு அரை கிராம்தான். ஒரு தடவைக்கு ரெண்டு, மூணு வேளைன்னாலும் மொத்தம் 3 கிராம். முன்பக்கம் பெரிசா "சைலிட்டால்"னு போட்டிருந்தா நம்பாதீங்க. பின்னாடி பொருள் பட்டியல்ல அது முதல்ல இருக்கா, கிராம் கணக்கு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு கம்ல 1 கிராம் இருந்தா அதே ஆறு கம்முக்கு 6 கிராம் வந்துடும்.

மெல்றதா இருந்தா சாப்பிட்டு முடிச்ச உடனே ரெண்டு கம், 20 நிமிஷம். புளிப்பு சுவை வேண்டாம், சிட்ரிக் அமிலம் போட்டிருந்தா நீங்க அடக்க நினைக்கிற அமிலத்தை நீங்களே ஊத்துறீங்க. ராத்திரி பிரஷ் பண்ணினதும் மெல்லாதீங்க, பல்மேல தங்க வேண்டிய ஃப்ளோரைடை எச்சில் கழுவிடும். வயிறு உப்பிச் சத்தம் போட்டா, பேதியானா அளவைக் குறைங்க, அது குடல் தாங்காததோட அறிகுறி. காதுக்கு முன்னாடி தாடை மூட்டு வலிச்சா நிறுத்துங்க. வீட்டுல நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, அதுக்கு சைலிட்டால் விஷம்.

வாய் வறட்சி இருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். மென்னும் வாய் ஈரமாகலன்னா சுரப்பியே வேலை செய்யல, கம் எதைத் தூண்டும்? அவங்களுக்கு வழி வேற, டாக்டர்கிட்ட கேட்டு அதிக ஃப்ளோரைடு உள்ள பற்பசைக்குப் போகணும்.

உங்க திட்டுக்கு முதல்ல தினம் ரெண்டு வேளை ஃப்ளோரைடு பற்பசை, துப்பிட்டுத் தண்ணி ஊத்திக் கொப்பளிக்காம விடறது, இனிப்பு சாப்பிடுற தடவையைக் குறைக்கிறது. கம் அதுக்கு மேல சேர்க்கிற கொசுறு. இப்ப பல்லைக் காயவச்சு ஒரு போட்டோ எடுத்து வைங்க. மூணு மாசம் கழிச்சு அதே வெளிச்சத்துல, காயவச்சு, இன்னொரு போட்டோ எடுத்துப் பாருங்க. வெள்ளை முழுசா மறையலன்னாலும், சுண்ணாம்பு மாதிரி இருந்தது பளபளப்பாகி இருந்தா கரையறது நின்னிருக்கு.