இருப்பு கூடுதலாகத் தெரிந்தாலும் பணம் போயிருக்கலாம்

நேயர்களே, வணக்கம்.

திண்டுக்கல்லில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் முடிகிறது. வீட்டுக் கணக்கு நோட்டின்படி வங்கியில் இருக்க வேண்டியது 38,640 ரூபாய். வங்கி ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் 41,307 ரூபாய் 86 காசு இருக்கிறது. நோட்டைவிட 2,667 ரூபாய் 86 காசு அதிகம். ‘கூடத்தானே இருக்கிறது, குறையவில்லையே’ என்று பலர் இந்த இடத்தில் நோட்டை மூடிவிடுவார்கள். ஆனால் இதே ஸ்டேட்மெண்டுக்குள் அந்த வீட்டுக்குத் தெரியாமல் போன 2,602 ரூபாய் 14 காசு இருக்கிறது. எப்படி என்பதை இன்று வரி வரியாகப் பார்ப்போம்.

முதலில் நோட்டைப் பற்றி. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பார்த்தோ பாஸ்புக்கைப் பார்த்தோ நோட்டு எழுதினால் அது நோட்டே அல்ல. வங்கி இரண்டு முறை பிடித்திருந்தால் நீங்களும் இரண்டு முறை எழுதிவிடுவீர்கள். இரண்டும் அழகாக ஒத்துப்போகும், தவறு மட்டும் அப்படியே இருக்கும். பணம் கொடுத்த அன்றே, கடைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். தேதி, யாருக்கு, எவ்வளவு, கார்டா யுபிஐயா காசோலையா, இந்த நான்கும் போதும். ஒப்பிட எடுத்துக்கொள்வது இணையத்தில் இறக்கிய முழு ஸ்டேட்மெண்டாக இருக்கட்டும். வெகுநாள் அச்சடிக்காமல் விட்ட பாஸ்புக்கில் சில வங்கிகள் பல வரிகளைச் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டிவிடுகின்றன. அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒப்பிடும்போது நோட்டில் ஒரு வரி, ஸ்டேட்மெண்டில் ஒரு வரி, இரண்டிலும் ஒரே நேரத்தில் டிக். ஒரு டிக்குக்கு இன்னொரு டிக்தான் ஜோடி. ‘இந்தத் தொகையை ஏற்கெனவே பார்த்தோமே’ என்று நினைவை நம்பி இரண்டாவது வரிக்கும் டிக் போட்டுவிடுவதால்தான் இரட்டைப் பற்று தப்பிக்கிறது. மாதத் தொடக்க இருப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் தவறு போன மாதத்தில் இருக்கிறது, இந்த மாதத்தைத் துருவிப் பயனில்லை.

நம் திண்டுக்கல் வீட்டில் டிக் போட்டு முடித்தபின் ஆறு இடங்கள் மிஞ்சின.

ஒன்று, 26ஆம் தேதி எழுதிக் கொடுத்த 5,000 ரூபாய் காசோலை. நோட்டில் கழித்தாயிற்று; வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. இதில் யார் தவறும் இல்லை. ஆனால் வங்கி இருப்பைப் பெரிதாகக் காட்டி மற்றவற்றை மறைத்தது இந்த ஐயாயிரம்தான்.

இரண்டாவது, மருந்துக் கடை. ஸ்டேட்மெண்டில் 1,360, நோட்டில் 1,630. இலக்கம் இடம் மாறிவிட்டது. வித்தியாசம் 270. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். மற்ற வரிகள் எல்லாம் தீர்ந்து, மிஞ்சிய தொகை ஒன்பதால் வகுபட்டால் முதலில் நம் கையெழுத்தைச் சந்தேகிப்பது நல்லது. வரவைச் செலவாக எழுதியிருந்தால் வேறு மாதிரி தெரியும்: மிஞ்சுவதில் சரிபாதித் தொகை நோட்டில் எங்கேயாவது இருக்கும்.

அடுத்து 1,840 ரூபாய். 18ஆம் தேதி மளிகைக் கடையில் கார்டைத் தேய்த்தார்கள். கருவி ‘தோல்வி’ என்றது. உடனே அதே தொகையை யுபிஐயில் அனுப்பினார்கள். நோட்டில் ஒரு முறை, ஸ்டேட்மெண்டில் இரண்டு முறை. இங்கே தொகையைப் பார்க்காதீர்கள், குறிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே எண் இரண்டு வரியிலும் இருந்தால் வங்கி ஒரே பரிவர்த்தனையை இருமுறை பதிந்திருக்கிறது. எண்கள் வேறு என்றால் இரண்டு தனித்தனிப் பரிவர்த்தனைகள். இரண்டும் கடைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதுதான் அடுத்த கேள்வி. கடைக்காரர் தன் கருவியில் 18ஆம் தேதி கார்டு வரவுகளைப் பார்த்துச் சொல்ல முடியும்.

பணம் செலுத்தியாயிற்று என்ற உறுதிச் செய்தி கடைக்குப் போகாமல் உங்கள் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி இருக்கிறது. பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை, நீங்கள் கேட்காமலே. இந்த வீட்டுக்கு 23ஆம் தேதி கெடு. 31ஆம் தேதி வரை எட்டு நாள் கடந்துவிட்டதால் 1,840உடன் 800 ரூபாயும் வர வேண்டியிருக்கிறது. கடைக்கு இரண்டு முறையும் பணம் போய்ச் சேர்ந்திருந்தால் இந்த விதி பொருந்தாது. அப்போது கடைக்காரர்தான் திருப்ப வேண்டும். மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கிக்கு எழுதினால், ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று ஒரு வரிப் பதிலோடு புகார் முடிந்துவிடும். அதனால் கடையில் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

நான்காவது, 27 ரூபாய் 14 காசு. இப்படிக் காசோடு வரும் சிறு தொகையைக் கண்டால் 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். முழு ரூபாயாக வந்தால் அது பெரும்பாலும் வங்கிக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். இங்கே 23 ரூபாய் வருகிறது. இலவச எண்ணிக்கையைத் தாண்டிய ஏடிஎம் பயன்பாட்டுக்கு 2025 மே 1 முதல் வங்கிகள் வாங்கக்கூடிய உச்சத் தொகை அது. வரி தனி.

சரியான கட்டணமா என்று பார்க்க எண்ண வேண்டும். மற்ற வங்கி ஏடிஎம்மில் மாதத்துக்குச் சென்னை போன்ற ஆறு பெருநகரங்களில் மூன்று முறை இலவசம், திண்டுக்கல் போன்ற ஊர்களில் ஐந்து முறை. ஸ்டேட்மெண்டில் நான்கு முறைதான் பணம் எடுத்ததாகத் தெரிகிறது, பிறகு ஏன் கட்டணம் என்று தோன்றும். வேற்று வங்கி ஏடிஎம்மில் இருப்பு மட்டும் பார்த்தாலும் அது ஒரு பயன்பாடு. ஸ்டேட்மெண்டில் அதற்கு வரி வராது. இந்த வீட்டில் இரண்டு முறை இருப்புப் பார்த்திருக்கிறார்கள். கடைசியாகப் பணம் எடுத்தது ஆறாவது பயன்பாடு. எனவே கட்டணம் சரிதான். ஆனால் கருவிக் கோளாறாலோ உள்ளே பணம் இல்லாததாலோ நின்றுபோன முயற்சியை எண்ணிக்கையில் சேர்த்திருந்தால் அது தவறு. அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். சில வங்கிகள் போன மாதக் கட்டணத்தை இந்த மாதம் பிடிக்கும் என்பதால் முந்தைய மாதத்தையும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, 299 ரூபாய். எப்போதோ ஒரு செயலியை இலவசமாகப் பார்க்கத் தொடங்கியபோது ஒப்புக்கொண்ட ஆட்டோபே. 15,000 ரூபாய் வரையிலான தொடர் பற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். ஆனால் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் விளம்பரச் செய்திகளுக்கு நடுவே கிடக்கும், அதனால்தான் தெரியாமல் போகிறது. செயலியைப் போனிலிருந்து நீக்கினால் இது நிற்காது. யுபிஐயில் கொடுத்தது என்றால் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கார்டில் கொடுத்தது என்றால் வங்கியின் இணையப் பக்கத்தில் அந்த ஒப்புதலை நீக்க வேண்டும். நிற்கப்போவது இனி வரும் பற்றுதான். போன பணம் நீங்கள் ஒப்புக்கொண்டு போனது என்பதால் வங்கி திருப்பாது. சேவை கொடுத்த நிறுவனம் இசைந்தால் உண்டு.

கடைசியாக 436 ரூபாய். மே மாதக் கடைசி வாரத்தில் இந்தத் தொகையைப் பார்த்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவின் ஆண்டுப் பிரீமியம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குவதால் அதற்கு முந்தைய நாட்களில் பிடிக்கிறார்கள். விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் 20 ரூபாய் தனியாகப் போயிருக்கும். 436 போவதில் குற்றமில்லை. இந்த வீட்டுக்காரருக்கு வேறொரு வங்கியிலும் கணக்கு உண்டு, அங்கேயும் அதே வாரம் 436 போயிருக்கிறது என்பதுதான் கவலை. ஒருவர் ஒரு கணக்கின் வழியாக மட்டுமே சேரலாம். இரண்டு பிரீமியம் கட்டினாலும் குடும்பத்துக்குக் கிடைப்பது இரண்டு லட்சம்தான். இரண்டாவது பிரீமியம் பறிமுதலாகலாம் என்று திட்ட விதியே சொல்கிறது. ஒரு வங்கியின் ஸ்டேட்மெண்டை மட்டும் பார்த்தால் இந்த இரட்டிப்பு தெரியவே தெரியாது. மே மாதக் கணக்கு பார்க்கும்போது எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் வையுங்கள். வேண்டாத கணக்கு இருக்கும் கிளைக்கு, தானாகப் பிடிப்பதை நிறுத்தச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்ட நகல் வாங்கிக்கொண்டால் அடுத்த மே மாதம் போகாது.

இனி இரண்டு இருப்புகளையும் சேர்ப்போம். நோட்டின் 38,640உடன் மருந்துக் கடைப் பிழை 270ஐக் கூட்டுங்கள். உண்மையாகவே போன 436, 299, 27 ரூபாய் 14 காசு மூன்றையும் கழியுங்கள். 38,147 ரூபாய் 86 காசு வரும். அடுத்து வங்கிப் பக்கம். 41,307 ரூபாய் 86 காசில் இனிமேல் போகவிருக்கும் காசோலை 5,000ஐக் கழித்து, திரும்ப வேண்டிய 1,840ஐக் கூட்டுங்கள். அதே 38,147 ரூபாய் 86 காசு. காசு வரை ஒத்துவந்தால்தான் வேலை முடிந்தது. இரண்டு ரூபாய்தானே என்று விடாதீர்கள். பெரிய பற்று ஒன்றும் பெரிய வரவு ஒன்றும் எதிரெதிராக நின்றால்கூட மிச்சம் இரண்டு ரூபாயாகத் தெரியும்.

கவனியுங்கள், 1,840ஐ நோட்டில் செலவாக எழுதவில்லை. எழுதிவிட்டால் அது தீர்ந்த கணக்காகிவிடும், பிறகு யாரும் தேட மாட்டார்கள். ஜூன் மாதப் பக்கத்தின் தலையில் ‘வர வேண்டியது 1,840, ஈட்டுத்தொகை தனி’ என்றும், ‘போக வேண்டியது காசோலை 5,000’ என்றும் எழுதி வையுங்கள். காசோலைக்கு அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் உயிர். ஆகஸ்ட் கடைசியிலும் அது வராவிட்டால் வாங்கியவரிடம் கேட்டுவிட்டு நோட்டில் திரும்ப வரவு வையுங்கள். பணம் திரும்புவதற்கான புகாரை வங்கியில் பதிந்ததும் அதன் எண்ணையும் தேதியையும் அந்த 1,840 பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் எழுதலாம். அங்கே அந்தப் புகார் எண்ணும் தேதியும் தேவைப்படும்.

வணக்கம்.