குரூப் மீட்டிங்கில் பேசியதை லாக்கில் எழுதுவது: எது முடிவு, எது தோல்வி?

[திரையில்: பிசிஆர் ஜெல் படம். முதல் லேனில் நீளத்தை அளக்க உதவும் லேடர், அடுத்த நான்கில் சாம்பிள்கள், ஆறாவது லேன் மங்கலாக்கப்பட்டுள்ளது.]

இது ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் எடுத்த ஜெல் படம். பிசிஆர் முறையில் டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கி, ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு லேனும் ஒரு குழாயின் கலவை; அதில் தெரியும் கோடுதான் பேண்ட். அவர்கள் தேடும் டிஎன்ஏ துண்டின் நீளம் 450 பேஸ் ஜோடி. நான்கு சாம்பிள்களிலும் சரியாக அந்த இடத்தில் பேண்ட் தெரிகிறது. குரூப் மீட்டிங்கில் ஆராய்ச்சி மாணவி, "எல்லா சாம்பிள்லயும் பேண்ட் வந்திருக்கு சார்" என்கிறார். குறிப்பெடுப்பவர் அதை அப்படியே ஆய்வகப் பதிவேடான லாக்கில் 'முடிவுகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொள்கிறார்.

[ஆறாவது லேன் தெளிவாகிறது. அங்கேயும் 450-இல் பேண்ட்.]

ஆறாவது லேனில் இருப்பது நெகட்டிவ் கன்ட்ரோல். டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் மட்டும் சேர்த்த குழாய். அதிலும் அதே பேண்ட் வந்தால், கலவைக்குள் வெளியிலிருந்து டிஎன்ஏ புகுந்திருக்கிறது என்று பொருள். சாம்பிளில் தெரிகிற பேண்ட் சாம்பிளிலிருந்து வந்ததா, அந்தக் கலப்படத்திலிருந்து வந்ததா என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை. எனவே இந்தப் பதிவு 'தோல்வி' என்ற தலைப்பின் கீழ்தான் போக வேண்டும்.

ஆகவே யார் எதைச் சொன்னாலும், குறிப்பெடுப்பவர் அங்கேயே கேட்க வேண்டிய கேள்வி: "கன்ட்ரோல்ல என்ன வந்தது?" பேண்ட் இருந்தது என்றால் அதன் அளவையும் கேளுங்கள். 100 பேஸ் ஜோடிக்கும் கீழே மங்கலாக ஒன்று தெரிந்தால், அது பெரும்பாலும் பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டானது. 450-இல் தெரிவதை அது பொய்யாக்காது.

[திரையில்: வெஸ்டர்ன் பிளாட் படம்.]

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். இது வெஸ்டர்ன் பிளாட், ஒரு புரோட்டீன் சாம்பிளில் இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை. இன்னொருவர் சோர்ந்த குரலில், "வெஸ்டர்ன் பிளாட் வேலை செய்யல, அந்த புரோட்டீன் தெரியவே இல்ல" என்கிறார். கன்ட்ரோலைப் பார்ப்போம். அந்தப் புரோட்டீன் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த செல் சாற்றில் பேண்ட் நன்றாக வந்திருக்கிறது. செல்களில் பொதுவாகவே இருக்கும் புரோட்டீனான ஆக்டின் எல்லா லேன்களிலும் சமமாக இருக்கிறது. அப்படியானால் ஆன்டிபாடி வேலை செய்திருக்கிறது, சாம்பிளும் போதிய அளவு ஏறியிருக்கிறது. இது முடிவுதான்: "இந்த முறையால் கண்டறியக்கூடிய அளவில் அந்தப் புரோட்டீன் இல்லை." இதைத் தோல்வி என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்வார். தெரிந்த சாற்றிலும் பேண்ட் வரவில்லை என்றாலோ, சாம்பிள் லேன்களில் ஆக்டின் சரியாக வரவில்லை என்றாலோ அது தோல்வி.

சரி, பிசிஆருக்குத் திரும்புவோம். லாக்கில் அது இப்படி வரலாம்:

[திரையில் வரிகள் ஒவ்வொன்றாக:]

தோல்வி: 450 பேஸ் ஜோடி பிசிஆர். படம்: `2025-03-11_PCR_gel2.tif`
கண்டது: நான்கு சாம்பிள்களிலும் நெகட்டிவ் கன்ட்ரோலிலும் 450-இல் பேண்ட்.
சொல்ல முடியாதது: சாம்பிள்களில் அந்தத் துண்டு இருக்கிறதா இல்லையா என்பது.
ஊகம்: தண்ணீரில் கலப்படம். இன்னும் சோதிக்கவில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். "தண்ணிதான் கெட்டுப்போயிருக்கும்" என்று ஒரு சீனியர் சொல்லியிருப்பார். 'ஊகம்' என்ற அடையாளம் இல்லாமல் அதை எழுதினால், அடுத்த வாரம் எல்லோரும் அதை உண்மையாகவே எடுத்துக்கொள்வார்கள். கலப்படம் உண்மையில் பிரைமரில் இருந்திருந்தால், அது அப்படியே தொடரும்.

இனி அடுத்த வேலை. "ரிப்பீட் பண்ணிப் பார்க்கலாம்" என்றுதான் மீட்டிங்கில் முடித்திருப்பார்கள். இந்த வரியை மட்டும் லாக்கில் எழுதாதீர்கள். எதை மாற்றிச் செய்யப்போகிறோம் என்று கேட்டு வாங்குங்கள். இங்கே ஐந்து குழாய்கள் போதும், எதிலும் டிஎன்ஏ சேர்ப்பதில்லை. முதல் குழாயில் எல்லாம் பழையவை. அடுத்த மூன்றில் முறையே தண்ணீர், பிரைமர், நொதி முதலியவை கலந்த மாஸ்டர் மிக்ஸ் என ஒன்று மட்டும் புதிது. ஐந்தாவதில் எல்லாமே புதிது.

[திரையில்: ஐந்து குழாய்கள்.]

எந்த ஒற்றை மாற்றத்தில் பேண்ட் மறைகிறதோ, அந்தப் பொருள்தான் மூலம். ஐந்தாவது மட்டும் சுத்தமாக வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களில் கலப்படம் இருக்கலாம். ஐந்தாவதிலும் பேண்ட் வந்தால் பிப்பெட்டையும் மேசையையும் சந்தேகிக்க வேண்டும். பழைய பிசிஆர் குழாய்களைத் திறக்கும் அதே மேசையில் புதிய கலவையும் தயாராகிறதா என்று முதலில் பாருங்கள். செய்பவரின் பெயர், முடிக்கும் தேதி, எந்த விளைவு வந்தால் அடுத்து என்ன என்பது, இந்த மூன்றும் அதே பதிவில் இருக்கட்டும்.

எழுதியதை அன்றைக்கே சோதனை செய்தவருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஐந்து குழாய்களின் விடை வந்த பிறகு பழைய பதிவை அழிக்க வேண்டாம். அதன் கீழே தேதியிட்டு, ஊகம் சரியா தவறா என்பதைச் சேர்த்துவிடுங்கள்.