நாயோட ரயில்ல போகணுமா? கூபே, பார்சல் ஆபீஸ், ஏறுற ஸ்டேஷன்

வணக்கம் நண்பர்களே. கமெண்ட்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது: "நாயைக் கூட்டிட்டு ரயில்ல போகலாமா, எந்தப் பெட்டியில ஏறணும், எங்க ஏறணும்?" போகலாம். ஆனா நீங்க டிக்கெட் எடுத்துட்டா நாய்க்கும் இடம் கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. மூணு விஷயம் ஒத்துப் போகணும். முழு கேபின் உங்க பேர்ல இருக்கணும், இல்லைன்னா கூட இருக்கறவங்க சம்மதிக்கணும், நாய்க்கு பார்சல் ஆபீஸ்ல தனியா ரசீது போட்டிருக்கணும், ரசீது போட்ட ஸ்டேஷன்லயே நீங்க ஏறணும். இதுல ஒண்ணு தவறினாலும் பிளாட்பாரத்துல நின்னு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பேசறதுக்கு வசதியா ஒரே வண்டியை எடுத்துக்கலாம். எழும்பூர்ல ராத்திரி கிளம்பி விடியக்காலைல மதுரை போற பாண்டியன் எக்ஸ்பிரஸ். ரெண்டு பேர், கூட ஒரு லேப்ரடார்.

முதல்ல பெட்டி. நாயை உங்க கூடவே வச்சுக்க ஃபர்ஸ்ட் ஏசியும், ஏசி இல்லாத பழைய ஃபர்ஸ்ட் கிளாஸும்தான். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஏசி சேர் கார், ஸ்லீப்பர், செகண்ட் கிளாஸ் எதிலயும் கிடையாது. "ஏசிதானே, செகண்ட் ஏசில திரை போட்டிருக்கே"ன்னு நிறைய பேர் அங்கதான் தப்பு பண்றாங்க. திரைக்கு அந்தப் பக்கம் வேற ஆள் படுத்திருக்காங்க. ஃபர்ஸ்ட் ஏசில கதவு இருக்கு, உள்ள தாழ்ப்பாள் இருக்கு. விதி இப்படி இருக்கறதுக்குக் காரணமே அந்தக் கதவுதான். வந்தே பாரத், சதாப்தி மாதிரி உக்கார்ந்துட்டே போற வண்டிகள்ல அப்படி அடைச்ச அறையே இல்லை. அதனால அதையெல்லாம் தேடவே வேண்டாம்.

ஃபர்ஸ்ட் ஏசிக்குள்ள ரெண்டு விதமான அறை. ரெண்டு படுக்கை இருந்தா கூபே, நாலு படுக்கை இருந்தா கேபின். பெட்டிமேல H1னு இருந்தா முழு ஃபர்ஸ்ட் ஏசி, HA1னு இருந்தா பாதி ஃபர்ஸ்ட் ஏசி, மீதி செகண்ட் ஏசி. இது ஏன் முக்கியம்னா, எல்ஹெச்பிங்கற புது மாடல் முழுப் பெட்டியில 24 படுக்கை, அதுல கூபே நாலு. பழைய மாடல் பாதிப் பெட்டியில ஃபர்ஸ்ட் ஏசிக்கு 10 படுக்கைதான். ரெண்டு கேபின் போக, கூபேன்னு மிஞ்சறது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணுக்கு நீங்க மட்டுமா ஆசைப்படுவீங்க? அதனால டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே அந்த வண்டியில H1 ஓடுதா HA1 ஓடுதான்னு பாருங்க. தேதியில கொஞ்சம் வளைஞ்சு கொடுக்க முடியும்னா H1 ஓடுற வண்டியைப் பிடிங்க.

டிக்கெட் எடுக்கும்போது ரெண்டு பேரும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும். தனித்தனியா எடுத்தா ரெண்டு பேரும் ரெண்டு கேபின்ல விழ வாய்ப்பு இருக்கு. படுக்கை விருப்பம் கேக்கற இடத்துல "கூபே"ன்னு ஒரு தேர்வு வரும், அதைப் போடுங்க. ஆனா அது விருப்பம்தான், உத்தரவாதம் இல்லை. ஃபர்ஸ்ட் ஏசில புக் பண்ணின உடனே படுக்கை எண் வராது, கன்ஃபர்ம்னு மட்டும்தான் காட்டும். எந்த அறை, எந்த எண்ங்கறது சார்ட் போடும்போதுதான் முடிவாகும்.

அந்த சார்ட்டுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டிய வேலை ஒரு கடிதம். வண்டி கிளம்பற இடத்து ரயில்வே கோட்டத்தோட கமர்ஷியல் மேனேஜருக்கு எழுதணும். பாண்டியனுக்கு அது சென்னைக் கோட்டம். பிஎன்ஆர், வண்டி எண், பயணத் தேதி, ஏறுற ஸ்டேஷன், பயணிகள் பேர், நாயோட இனம், "கூபே ஒதுக்கித் தரவும்"ங்கற வரி. இவ்வளவு போதும், ரெண்டு பக்கத்துக்கு நாயோட வரலாறு எழுத வேண்டாம். டிக்கெட் நகலை சேர்த்து, கிளம்பறதுக்கு முந்தின நாளே நேர்ல கொடுத்துடுங்க. உங்ககிட்ட இருக்கற நகல்ல முத்திரை வாங்கிக்கங்க. எந்த மேஜையில கொடுக்கணும்னு தெரியலைன்னா ரிசர்வேஷன் ஆபீஸ்ல சூப்பர்வைசரைக் கேளுங்க, அவங்களுக்கு இது புதுசு இல்லை.

கூபே கிடைக்காம நாலு பேர் கேபின்ல ரெண்டு இடம் விழுந்தா? அங்கதான் சிக்கல். கூட இருக்கற ரெண்டு பயணிகள் சம்மதிச்சா நாய் உள்ள இருக்கலாம். ஆனா அந்த சம்மதம் பயணம் முழுக்க நீடிக்கணும். விழுப்புரம் தாண்டி, "இல்லைங்க, எனக்கு அலர்ஜி"ன்னு ஒருத்தர் சொல்லிட்டா நாயை வண்டியோட கடைசியில இருக்கற கார்டு வேனுக்கு மாத்துவாங்க, கட்டின காசும் திரும்பாது. அதனால எந்த அறைன்னு தெரிஞ்சதும் முதல் வேலையா டிடிஇயைப் பிடிச்சு, கூபேல இருக்கறவங்க மாறிக்கறாங்களான்னு கேளுங்க. நாயோட ராத்திரி முழுக்க ஒரே அறையில இருக்கறதை விட மாறிக்கறதே மேல்னு பல பேர் ஒத்துக்குவாங்க, அது உங்களுக்கு சாதகம்தான்.

நாலு பேரா போனா நாலு டிக்கெட்டும் ஒரே பிஎன்ஆர்ல எடுத்து முழு கேபினையே வாங்கிடலாம். கூபே கிடைக்குமான்னு காத்திருக்கறதை விட இது நிம்மதி. ஆனா வராத ஆள் பேர்ல டிக்கெட் எடுத்து இடத்தைப் பிடிச்சு வைக்கறது வேலைக்கு ஆகாது. ஆள் வரலைன்னு டிடிஇ குறிச்சுட்டார்னா அந்தப் படுக்கையை வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் நடுராத்திரியில கதவைத் தட்டி ஒருத்தர் பெட்டியோட நிப்பார்.

சரி, இப்ப நாய்க்கு ரசீது. டிக்கெட் கவுண்டர்ல இது கிடைக்காது, பார்சல் ஆபீஸ்தான் போகணும். பயணிகள் நுழையற வாசல் பக்கம் தேடினா கண்ணுல படாது, மூட்டையும் வண்டியும் இறங்கற பக்கம் கேட்டுப் போங்க. கிளம்பறதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி அங்க நிக்கணும், முதல் தடவைன்னா மூணு மணி நேரம். கையில இருக்க வேண்டியது: பேப்பர்ல பிரிண்ட் எடுத்த கன்ஃபர்ம் டிக்கெட், ஆதார் நகல், வெறிநாய்த் தடுப்பூசி போட்ட புத்தகம், அப்புறம் பயணம் செய்யலாம்னு கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ். அந்த சான்றிதழ் கிளம்பற நாள், இல்லைன்னா முந்தின நாள் தேதியில இருக்கட்டும். போன வாரத்து சான்றிதழோட போய் திரும்பி வர்றவங்க ஏராளம். நாயோட இனம், நிறம், ஆணா பெண்ணா, வயசு எல்லாம் அதுல இருந்தா ரசீது எழுதறவருக்கும் சுலபம். எல்லாத்துலயும் ரெண்டு நகல் வச்சுக்கங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடை தேடறது பெரிய கொடுமை.

கட்டணம் லக்கேஜ் கணக்குல, தூரத்தைப் பொறுத்து வரும். ஃபர்ஸ்ட் ஏசில உங்களோட வர்ற நாய்க்கு 60 கிலோன்னு கணக்கு வைப்பாங்க. உங்க நாய் 8 கிலோவா இருந்தாலும் அதேதான், அதனால தராசுல சண்டை போட வேண்டாம். ரசீது இல்லாம பிடிபட்டா லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு.

இப்ப ஏறுற இடம். பாண்டியன் தாம்பரத்துல நிக்குது, உங்க வீடும் தாம்பரம்னு வச்சுக்கங்க. அங்கயே ஏறலாமேன்னு தோணும். வண்டி அங்க நிக்கறது கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள கோச்சைக் கண்டுபிடிச்சு, கூட்டத்துக்கு மிரளற நாயை இழுத்துட்டு, உசரமான படியில ஏத்தி, அறையில வேற யாராவது இருந்தா பேசித் தீர்க்கணும். முடியாது. வண்டி கிளம்பற ஸ்டேஷன்ல ஏறினா அரை மணி நேரம் முன்னாடியே வண்டி பிளாட்பாரத்துக்கு வந்திருக்கும், டிடிஇயும் பெட்டி பக்கத்துல நிப்பார். சின்ன ஸ்டேஷன்கள்ல இன்னொரு பிரச்சினை, பார்சல் ஆபீஸே இருக்காது, இருந்தாலும் ராத்திரியில பூட்டியிருக்கும். வழியில ஏறியே ஆகணும்னா விழுப்புரம், திருச்சி மாதிரி பெரிய ஜங்ஷனைப் பாருங்க. டிக்கெட்ல ஏறுற ஸ்டேஷனை மாத்தினா, சார்ட் போடறதுக்கு முன்னாடி மாத்தி, ரசீதையும் அதே ஸ்டேஷன்ல போடணும். மாத்தினதுக்கு அப்புறம் பழைய ஸ்டேஷன்ல ஏற உரிமை இல்லை.

ஒரு எச்சரிக்கை. எழும்பூர்ல கட்டுமான வேலை நடக்கற காலத்துல சில வண்டிகளைத் தாம்பரத்துலேர்ந்து கிளப்பறாங்க. அப்படின்னா பார்சல் ரசீதும் அங்கதான். கடிதம் கொடுக்கற அன்னைக்கு ஒரு தடவை, கிளம்பற அன்னைக்குக் காலையில ஒரு தடவை வண்டி எங்க, எப்பன்னு காட்டற ரயில்வே ஆப்பான NTESல வண்டியைப் பாருங்க. கோச் வரிசையும் அதுலயே இருக்கும்.

ஃபர்ஸ்ட் ஏசி கிடைக்கலைன்னா மிச்சம் இருக்கறது கார்டு பக்கத்து வேன்ல இருக்கற நாய்ப் பெட்டி. கார்டுக்கு இப்ப டிரெயின் மேனேஜர்னு பேர், வண்டியோட கடைசியில இருப்பார். இதுக்கு 30 கிலோ கணக்கு. கழுத்துப்பட்டை, சங்கிலி கட்டாயம். சோறு தண்ணி கொடுக்கறது உங்க பொறுப்பு, நாய்க்கு ஏதாவது ஆனா அதுவும் உங்க பொறுப்புதான். பெட்டி சின்னது, காத்து குறைவு, சத்தம் காதைப் பிளக்கும். லேப்ரடார் அளவுக்கு நாயை சித்திரை வைகாசில அதுல அனுப்பாதீங்க, தேதியை மாத்துங்க. அது விலங்குக்கு நரகம்.

உள்ள ஏறினப்புறம் பெரிசா ஒண்ணும் இல்லை. கிளம்பறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி கடைசி சாப்பாடு, தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. தரையில பழைய பெட்ஷீட், அதுமேல ஈரத்தை உறிஞ்சற பேட். ராத்திரி வழியில இறக்கி கூட்டிட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க, அஞ்சு நிமிஷம் நிக்கும்னு நம்பி இறங்கினா சிக்னல் விழுந்துடும். கதவைத் தாழ் போட்டு, தாராளமா படுங்க.

மதுரையில இறங்கும்போது ரசீதைப் பையில அடியில போட்டுடாதீங்க. வெளிய போற வாசல்ல நாயைப் பார்த்ததும் முதல்ல கேக்கறது அதைத்தான்.