ட்ரீயா மெஷ்ஷா? மூன்று அளவுகளில் ஒரு ஒப்பீடு

[திரையில்: 63 நோட் கொண்ட பைனரி ட்ரீ ஒரு பக்கம், 8×8 மெஷ் மறுபக்கம்]

தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது: கணினி நோட்டுகளை லிங்க்குகளால் இணைக்கும் அமைப்புகள், அதாவது டோபாலஜிகள், சில கொடுக்கப்பட்டுள்ளன; அவற்றில் எது சிறந்தது, காரணத்தோடு எழுதுக. பலர் டிகிரி, டயமீட்டர் இரண்டையும் கணக்கிட்டதோடு விடையை எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று இந்த இரண்டு படங்களை வைத்தே பார்ப்போம்.

டிகிரி என்பது ஒரு நோட்டிலிருந்து கிளம்பும் லிங்க்குகளின் எண்ணிக்கை. நோட்டுக்கு நோட் மாறினால் பெரியதையே எடுத்துக்கொள்கிறோம். ட்ரீயில் நடுவிலுள்ள நோட்டுக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு, ஆக 3. மெஷ்ஷில் 4.

டயமீட்டர் என்பது மிகத் தொலைவிலுள்ள இரு நோட்டுகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையின் நீளம். ட்ரீயில் ஒரு இலையிலிருந்து வேர் வரை 5 தாவல், மறுபக்க இலைக்கு இறங்க 5, மொத்தம் 10. மெஷ்ஷில் மூலைக்கு மூலை 7 + 7 = 14.

டிகிரி குறைவு, டயமீட்டரும் குறைவு. அப்படியென்றால் ட்ரீதானே சிறந்தது?

[திரையில்: வேருக்கு அடியில் உள்ள இரண்டு லிங்க்குகளில் ஒன்று சிவப்பாகிறது]

இந்தச் சிவப்பு லிங்க்கை வெட்டுங்கள். ஒரு பக்கம் 31 நோட், மறுபக்கம் 32. நெட்வொர்க் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது, வெட்டியது ஒரே ஒரு லிங்க்! இந்த எண்ணிக்கைதான் பைசெக்‌ஷன் விட்த். அதை ஒரு லிங்க்கின் வேகத்தால் பெருக்கினால் பைசெக்‌ஷன் பேண்ட்விட்த்.

ஒவ்வொரு நோட்டும் மற்ற எல்லா நோட்டுகளுக்கும் ஒரு செய்தி அனுப்பட்டும். ஒரு லிங்க் ஒரு திசையில் ஒரு நேர அலகுக்கு ஒரு செய்தியைத்தான் கடத்தும் என்று வைத்துக்கொள்வோம். ட்ரீயில் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு 31 × 32 = 992 செய்திகள் போக வேண்டும். எல்லாமே அந்த ஒரே லிங்க் வழியாக, ஆகக் குறைந்தது 992 அலகு நேரம். 8×8 மெஷ்ஷை நடுவில் வெட்டினால் 8 லிங்க்குகள் அறுபடும். கடக்க வேண்டியவை 32 × 32 = 1024 செய்திகள். அதாவது லிங்க்குக்கு 128. டயமீட்டர் பெரிதாக இருந்தும் இங்கே மெஷ் வெகுவாக முந்துகிறது. டயமீட்டர் ஒரு செய்தியின் பயணத்தைத்தான் சொல்லும், நெரிசலைச் சொல்லாது.

சரி, பைசெக்‌ஷனைக் கணக்கிடும்போது எங்கே தவறு நடக்கிறது?

அது எல்லாச் சமபாதி வெட்டுகளிலும் மிகக் குறைந்தது. ஏதோ ஒரு வெட்டு அல்ல. அதே மெஷ்ஷைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளையாகப் பிரித்தாலும் 32–32தான் வரும். ஆனால் பக்கத்துப் பக்கத்து நோட்டுகள் எல்லாம் எதிரெதிர் பாதியில் விழுவதால், இருக்கும் 112 லிங்க்குகளும் அறுபடும். ஆக, நீங்கள் கண்டுபிடித்த எந்த வெட்டும் ஒரு மேல் எல்லைதான். அதற்கும் குறைவாக முடியாது என்று காட்டினால்தான் விடை முழுமையாகும்.

[திரையில்: மெஷ்ஷின் ஓரங்கள் வளைந்து இணைந்து டோரஸ் ஆகிறது]

அடுத்த இடறல் டோரஸ். நடுவில் வெட்டினால் ஒவ்வொரு வரிசையிலும் நடு லிங்க் ஒன்று, சுற்றி வரும் லிங்க் ஒன்று என இரண்டு அறுபடும். சுற்றி வருவதை மறந்து 8 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 16. டயமீட்டரும் 4 + 4 = 8 ஆகக் குறைகிறது.

கடைசியாக ஹைப்பர்க்யூப். 64 நோட்டுகளுக்கும் ஆறு இலக்க பைனரி எண் கொடுத்து, ஒரே ஒரு இலக்கத்தில் மாறுபடும் நோட்டுகளை மட்டும் இணைத்தால் கிடைப்பது இது. இதில் டிகிரி 6, டயமீட்டர் 6, பைசெக்‌ஷன் 32. 1980களின் தொடக்கத்தில் கால்டெக்கில் கட்டிய காஸ்மிக் க்யூப் இதே அமைப்புதான், 64 நோட்.

[திரையில்]

```
          degree  diameter  bisection
mesh         4       14         8
torus        4        8        16
hypercube    6        6        32
```

இந்த அட்டவணையைப் பார்த்ததும் ஹைப்பர்க்யூப் டோரஸைவிட இரண்டு மடங்கு என்று எழுதத் தோன்றும். எல்லா லிங்க்கும் ஒரே வேகம் என்று கேள்வியில் இருந்தால் அது சரி. ஆனால் "ஒரு நோட்டின் மொத்த வேகம் 24 Gbps, அதை லிங்க்குகள் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன" என்று இருந்தால்? டோரஸில் ஒரு லிங்க்குக்கு 24 / 4 = 6 Gbps, பைசெக்‌ஷன் பேண்ட்விட்த் 16 × 6 = 96 Gbps. ஹைப்பர்க்யூபில் 24 / 6 = 4 Gbps, 32 × 4 = 128 Gbps. இரண்டு மடங்காகத் தெரிந்தது, டோரஸைவிட மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அதிகம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதுமட்டுமல்ல, ஒவ்வொரு லிங்க்கும் மெதுவாகிவிட்டதால், நீளமான செய்தி ஒன்று காலியான நெட்வொர்க்கில் ஹைப்பர்க்யூபைவிட டோரஸில் சீக்கிரம் போய்ச் சேரக்கூடும். டிகிரி கணக்கில் நுழைவது இந்த வழியாகத்தான். எது மாறாமல் நிற்கிறது, லிங்க்கின் வேகமா, நோட்டின் மொத்த வேகமா என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஒப்பிடத் தொடங்குங்கள்.