80 வயசு தாண்டினவங்க பேப்பர்ல ரிட்டர்ன் குடுக்குறது: தாத்தாவோட 14,000 ரூபாய்க்கு ஒரு விளக்கம்

கேள்வி: சார், எங்க தாத்தாவுக்கு 82 வயசு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், திருவையாறு பக்கம் கிராமம். அவர்கிட்ட இருக்கறது பட்டன் போன்தான், இன்டர்நெட்லாம் தெரியாது. எஃப்டி வட்டியில 14,000 ரூபா டிடிஎஸ் புடிச்சிட்டாங்க. நேரா இன்கம்டாக்ஸ் ஆபிஸ் போயி பேப்பர்லயே ரிட்டர்ன் குடுத்துட்டு ரசீது வாங்க முடியுமா? என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

முடியும் தம்பி, ஆனா பஸ் ஏறுறதுக்கு முன்னாடி தாத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "நிலத்துலேர்ந்து ஏதாவது வருதா"ன்னு. நம்ம பக்கம் பென்ஷன் வாங்குற வாத்தியாருக்கு ஆறு மா நிலமாவது இருக்கும், குத்தகைக்கு விட்டிருப்பாரு, சம்பா அறுப்பு முடிஞ்சா நெல்லு மூட்டை வீட்டுக்கு வந்துரும், அதை அவரு வருமானம்னே நெனைக்க மாட்டாரு. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, வாஸ்தவம். குத்தகையா வர்ற நெல்லும் விவசாய வருமானம்தான், அதுவும் வாஸ்தவம். ஆனா பென்ஷன்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 ரிட்டர்ன் ஃபார்ம்ல விவசாய வருமானம் வருஷத்துக்கு 5,000 ரூபா வரைக்கும்தான் காட்டலாம். அதுக்கு மேல போனா ஐடிஆர்-2. பேப்பர்ல குடுக்கற சலுகை 80 வயசு ஆனவங்களுக்கு ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ரெண்டுக்கு மட்டும்தான், ஐடிஆர்-2 ஆன்லைன்லதான் போடணும். இது தெரியாம கொளுத்துற வெயில்ல பெரியவரக் கூட்டிட்டுப் போயி கவுண்டர்ல நிக்க வெச்சிட்டு திரும்பி வந்தவங்க உண்டு.

சரி, நிலம் இல்ல, இல்லேன்னா வர்றது 5,000க்குள்ளதான்னு வெச்சுப்போம். தாத்தாவுக்கு பென்ஷன் வருஷத்துக்கு 4,20,000, எஃப்டி வட்டி 1,40,000னு ஒரு கணக்கு போடுறேன், வட்டியில பத்து பர்சென்ட் புடிச்சாதான் நீங்க சொல்ற 14,000 வருது. மொத்தம் 5,60,000. பழைய வரி முறையில பாத்தா ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000, சீனியர் சிட்டிசன் வட்டிக்கு 80டிடிபில 50,000, ரெண்டும் போக 4,60,000. 80 வயசுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. புது முறையில பாத்தாலும் 75,000 கழிஞ்சு மீதிக்கு 87ஏ ரிபேட் வந்து வரி பூஜ்யம். ஆக எந்தப் பக்கம் போனாலும் 14,000 முழுசா திரும்ப வரணும். வருஷ ஆரம்பத்துலயே பேங்க்ல 15எச் எழுதிக் குடுத்திருந்தா அந்தக் காசைப் புடிச்சிருக்கவே மாட்டாங்க, அது போகட்டும்.

இப்ப பேப்பருக்கு வருவோம். ஐடிஆர்-1 ஃபார்ம incometax.gov.in-லேர்ந்து யாராவது எறக்கி பிரின்ட் எடுத்துக் குடுங்க, ப்ரவுசிங் சென்டர்லயே எடுக்கலாம், எந்த வருஷத்து ஃபார்ம்னு மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துக்கங்க, போன வருஷத்து ஃபார்ம்ல எழுதிட்டுப் போனா வாங்க மாட்டாங்க. அதை நிரப்புறதுக்கு கருவூலத்துலேர்ந்து குடுக்கற ஃபார்ம் 16 இல்லேன்னா பென்ஷன் ஸ்டேட்மென்ட் வேணும், பேங்க்ல ஃபார்ம் 16ஏ வாங்கணும். 16ஏல பேங்கோட டேன் நம்பரும் புடிச்ச தொகையும் இருக்கும், அதை அப்படியே ஃபார்ம்ல எழுதணும், ஒரு எழுத்து மாறினாலும் அந்த 14,000 தாத்தா பேர்ல ஒட்டாது. பேங்க்ல இருக்கறப்பவே 26ஏஎஸ் பிரின்ட்டும் கேட்டுப் பாருங்க, புடிச்ச காசை அவங்க கவர்ன்மென்ட்ல கட்டிட்டாங்களாங்கிறது அதுலதான் தெரியும். அதுல இல்லேன்னா இன்கம்டாக்ஸ் ஆபிஸ்ல கேட்டுப் பிரயோஜனமில்ல, பேங்க் மேனேஜர்கிட்டதான் போகணும்.

பான் கார்டு ஒரிஜினல் கையில இருக்கணும், அதுல போட்டிருக்கற பிறந்த தேதிதான் இங்க பேசும். அந்த நிதியாண்டு மார்ச் 31க்குள்ள 80 முடிஞ்சிருக்கணும். வீட்டுல 82ம்பாங்க, பான்ல பாத்தா 79 இருக்கும், அந்தக் காலத்துல ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரே ஒரு தேதி போட்டு எழுதுனதுதானே. ஆனா பான் ஆதார் லிங்க் பண்ணலையேன்னு தாத்தா பயப்பட வேணாம், 80 ஆனவங்களுக்கு அதுலேர்ந்து விலக்கு உண்டு. பாஸ்புக் முதல் பக்கமும் எடுத்துக்கங்க, அக்கவுன்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி எழுத. ரீஃபண்ட் செக்கா வர்ற காலம் போச்சு, நேரா அக்கவுன்ட்லதான் விழும், அதனால அந்த அக்கவுன்ட்ல பான் சேத்திருக்கணும், பேரும் பான்ல இருக்கற மாதிரியே இருக்கணும். மொபைல், ஈமெயில் கட்டத்துல உங்களோடத எழுதிடுங்க.

இவ்வளவு பேப்பரும் நிரப்பத்தான், ஃபார்மோட பின் பண்ணக் கூடாது. 16ஏ உட்பட எதையும் இணைக்காதீங்கன்னு ஐடிஆர் குறிப்புலயே இருக்கு, இணைச்சா பிச்சு கையில குடுத்துருவாங்க.

ஆபிஸ்ல ஆயக்கர் சேவா கேந்திரான்னு போர்டு இருக்கற கவுண்டருக்குப் போகணும். தஞ்சாவூரா, கும்பகோணமா, திருச்சியாங்கிறது தாத்தாவோட பான் எந்த இன்கம்டாக்ஸ் வார்டுல இருக்குங்கறதப் பொறுத்தது. வேலைல இருந்தப்ப மன்னார்குடியில இருந்து பான் எடுத்திருந்தா இன்னும் அந்த வார்டுலயே கூட கெடக்கலாம், வெப்சைட்ல லாகின் இல்லாமலே பாக்கலாம், நீங்களே பாத்துச் சொல்லிடுங்க.

ரசீது விஷயம்தான் முக்கியம். ரிட்டர்னோட அக்னாலட்ஜ்மென்ட் ஸ்லிப் ஒண்ணு உண்டு, அதையும் வீட்டுலயே நிரப்பிடுங்க, கூடவே முழு ஃபார்மையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கங்க. கவுண்டர்ல "வெச்சுட்டுப் போங்க பெரியவரே"ன்னா தாத்தா நகரக் கூடாது. ஸ்லிப்ல சீல், தேதி, வாங்குன நம்பர், கையெழுத்து நாலும் விழுந்துச்சா, பான் நம்பரும் எந்த வருஷத்து ரிட்டர்ன்ங்கறதும் சரியா இருக்கான்னு அங்கயே கண்ணாடி போட்டு பாக்கணும். அரைகுறையா விழுந்த சீல்ல தேதி தெரியலேன்னா இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. கடைசி தேதிக்குள்ள குடுத்தாருங்கறதுக்கு நாளைக்கு அவர்கிட்ட இருக்கப்போற ஒரே ஆதாரம் அந்தத் துண்டு சீட்டுதான். "இப்ப எல்லாம் ஆன்லைன்தான், வாங்க மாட்டோம்"னு புதுசா வந்த யாராவது சொல்லலாம். சண்டை போடாதீங்க, 80 வயசுக்கு பேப்பர் ரிட்டர்ன் உண்டுன்னு குறிப்புல இருக்கற பக்கத்தையும் பிரின்ட் எடுத்துட்டுப் போயி காட்டுங்க, பான்ல இருக்கற தேதியையும் காட்டுங்க.

இனி குத்தகை நெல்லு 5,000க்கு மேல வர்றவங்க. ஆடிட்டர்கிட்டயோ உங்க லேப்டாப்லயோ ஐடிஆர்-2 போட்டுட்டு, தாத்தா ஆதார்ல இருக்கற நம்பர் அந்த பட்டன் போன்லயே இருந்தா ஓடிபி வாங்கி அப்பவே முடிச்சிடலாம், எஸ்எம்எஸ் வர்றதுக்கு பட்டன் போன் போதும். நம்பர் சேக்கலேன்னா ஐடிஆர்-வின்னு ஒரு பக்கம் வரும், அதை பிரின்ட் எடுத்து தாத்தா இங்க்ல கையெழுத்துப் போட்டு, 30 நாளைக்குள்ள பெங்களூரு 560500 சிபிசிங்கற இன்கம்டாக்ஸ் மையத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும். இதை லோக்கல் ஆபிஸ் கவுண்டர்ல குடுத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு வந்துடாதீங்க, அது போக வேண்டிய எடம் பெங்களூரு மட்டும்தான். அனுப்புனதுக்கு அந்த போஸ்ட் ஆபிஸ் ரசீதுதான் ஆதாரம், தேதி தெரியற மாதிரி போட்டோ புடிச்சும் வெச்சுக்கங்க, அந்த பிரின்ட் ஆறு மாசத்துல வெளுத்துப் போயிடும்.